பேரப்பிள்ளைக்கு எந்தக் கட்டம்?

"நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். மலையாளி சமூகம், எஸ்.டி. சான்றிதழ் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ்தான். மகள் சேலத்தில் நர்சிங் முடித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் யாழ்ப்பாணத்துத் தமிழர், வயது 41. மகள் இப்போது மூன்று மாதம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் இனம் கேட்ட இடத்தில் 'மலையாளி' என்று எழுதிவிட்டாள். அடுத்த முறை போனபோது கேரளாவா என்று கேட்டு, மலையாளத்தில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்களாம். மருமகனுக்கு 'பிற ஆசியர்' என்று பதிந்திருக்கிறார்கள். இருவரும் தமிழர்தானே? பிறக்கப்போகும் குழந்தைக்கு எதைக் குறிப்பது? கலப்பினம் என்று போடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். தப்பாகக் குறித்தால் பிற்காலத்தில் சிக்கல் வருமா?"
ஒரு தகப்பனார், ஏற்காடு

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மனம் அதில்தான் கிடந்து தவிக்கும். இங்கிலாந்தில் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற பத்தியே கிடையாது. பாஸ்போர்ட்டிலும் கிடையாது. விசாவும் குடியுரிமையும் பெற்றோரின் நாட்டுரிமையையும் அங்கே தங்கும் அனுமதியையும் பார்த்து முடிவாகின்றன. ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டத்தில் டிக் செய்தோம் என்பதை அங்கே யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே பேரப்பிள்ளையின் உரிமை எதுவும் இந்தக் கட்டத்தால் பறிபோகாது. ஆனால் இரண்டு இடங்களில் இந்த டிக் வேலை செய்கிறது. ஒன்று மருத்துவப் பதிவு, மற்றது பள்ளிப் பதிவு. அந்த இரண்டையும் சரியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் குழப்பம் வந்ததற்கு முதல் காரணம், 'இனம்' என்ற ஒரே சொல் மூன்று ஊரில் மூன்று பொருளில் புழங்குவது. நம் ஊரில் அரசுப் படிவம் எதுவும் "நீ தமிழனா" என்று கேட்பதில்லை. தாய்மொழி கேட்கும், மதம் கேட்கும், பிறகு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று சமூகம் கேட்கும். அதனால் நம்மவர்களுக்கு எத்னிசிட்டி என்ற கேள்வியைக் கண்டதும் கை தானாகச் சமூகச் சான்றிதழுக்குப் போகிறது. உங்கள் மகள் செய்ததும் அதுதான். அவளுக்குத் தெரிந்த ஒரே அரசுப் பெயர் 'மலையாளி'. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேலம், தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு என்று அந்தப் பெயர் இருக்கிறது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. காஞ்சியிலிருந்து மலையேறிய முன்னோர் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்கள் நீங்கள். சேலத்து அதிகாரிக்கு இது தெரியும். லண்டனில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபுக்கு மலையாளி என்றால் மலையாளம் பேசும் கேரளத்துக்காரர், வேறு பொருள் கிடையாது. அங்கே கேரள நர்சுகள் நிறையப் பேர் இருப்பதால் அந்தச் சொல் அவர்களுக்குப் பழகிப்போன சொல்லும்கூட. தாளைக் கொடுத்தவர் அக்கறையோடுதான் கொடுத்திருக்கிறார். சொல்தான் அவரை வேறு ஊருக்கு அழைத்துப் போய்விட்டது.

மருமகன் வந்த நாட்டில் கதை வேறு. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தாய், தகப்பனின் இனம் என்று தனிப் பத்தியே உண்டு. அதில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதியிருக்கும். மலையகத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவார்கள். அங்கே மக்கள்தொகைக் கணக்கில் 1911 முதலே இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். ஆகவே அவருக்கு இனம் என்றால் தமிழர் என்பது சிறுவயதிலிருந்தே படிவத்தில் பார்த்துப் பழகிய விடை. இங்கிலாந்துப் படிவத்தில் அந்த விடையைத் தேடினால் கட்டம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் மனவருத்தம் குறையும். அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் இனக் கேள்வி முதல்முறை வந்தது 1991இல். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே வந்து குடியேறியவர்களுக்கு வேலையிலும் வீட்டு வசதியிலும் பாரபட்சம் நடக்கிறதா என்று அளப்பதே அதன் நோக்கம். அப்போது பெரிய எண்ணிக்கையில் இருந்தவர்களை அவர்கள் வந்த நாட்டின் பெயரால் பிரித்தார்கள்: Indian, Pakistani, Bangladeshi, Chinese என்று. மொழியையோ பண்பாட்டையோ வைத்துப் பிரிக்கவில்லை. குஜராத்தியும் பஞ்சாபியும் தமிழரும் ஒரே கட்டத்தில் விழுந்தார்கள். வங்காளம் பேசுகிறவர்களோ, எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் Indian, அந்தப் பக்கம் Bangladeshi என்று பிரிந்தார்கள். இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக அங்கே போனது 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே, 1979இல், இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் சோதனை லண்டனில் நடந்துவிட்டது. கட்டங்களின் வரிசை உருவான காலத்தில் அவர்கள் எண்ணிக்கை சிறிது.

அதன் பிறகு பலர் புதுக் கட்டம் கேட்டார்கள். சீக்கியர் தங்களுக்கு இனக் கட்டம் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2021 கணக்கெடுப்பிலும் கிடைக்கவில்லை. கட்டம் கேட்பவர்களை அங்குள்ள புள்ளிவிவர அலுவலகம் எடைபோடும்போது பார்க்கும் ஒன்று, இந்தத் தகவலை வேறு கேள்வியிலிருந்து பெற முடியுமா என்பது. சீக்கியருக்கு மதக் கேள்வி இருக்கிறது. தமிழருக்கு மொழிக் கேள்வி இருக்கிறது. 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழ்தான் தன் முதன்மை மொழி என்று குறித்தவர்கள் சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர், மலேசியத் தமிழர் எல்லோரும் ஒன்றாகத் தெரியும் எண் அது. ஆனால் அது முழு எண் ஆகாது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரும் ஆங்கிலம்தான் முதன்மை மொழி என்று குறிப்பார்கள், அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மகளிடமிருந்து தொடங்கலாம்.

அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கணினியில் இனம் ஓர் ஆங்கில எழுத்தாகப் பதிவாகிறது. Indian என்றால் H, Pakistani என்றால் J, Bangladeshi என்றால் K. Any other Asian background என்றால் L. கேட்டும் சொல்ல விருப்பமில்லை என்றால் Z. மகள் கட்டத்தில் டிக் செய்யாமல் 'மலையாளி' என்று எழுதியதால், பதிந்தவர் அதை H என்றும் போட்டிருக்கலாம், L என்றும் போட்டிருக்கலாம். எழுதிய சொல் மட்டும் குறிப்பில் நிற்கிறது. அதனால் அவள் முதலில் செய்ய வேண்டியது, தனக்கு எந்த எழுத்து பதிவாகியிருக்கிறது என்று கேட்பது. அடுத்த சந்திப்பில் மிட்வைஃபிடம் "என் பதிவில் இனக் குறியீடு என்ன இருக்கிறது?" என்று கேட்டால் திரையைப் பார்த்துச் சொல்வார். H தான் அவளுக்குச் சரியான விடை. Indian என்ற கட்டம் கேட்பது குடும்பத்தின் வேர் எந்த நாட்டில் என்பதை. நாகலூரில் பிறந்தவளுக்கு அதில் தடுமாற்றம் வேண்டாம். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். தன்னைப் பற்றிய பதிவு பிழையாக இருந்தால் திருத்திப் பெறும் உரிமை அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை, சான்றிதழ் எதுவும் காட்ட வேண்டியதில்லை. இனத்தைப் பொறுத்தவரை அவரவர் சொல்வதே விடை.

ஒரு சிறிய எச்சரிக்கை. ஆஸ்பத்திரிப் பதிவும் ஜி.பி. என்று அழைக்கப்படும் குடும்ப மருத்துவரின் பதிவும் தனித்தனியானவை. ஓரிடத்தில் திருத்தினால் மற்றதில் தானாக மாறிவிடும் என்று நம்பக்கூடாது. இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் மொழி என்ற பத்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். மலையாளத் தாள் கையில் வந்தது அந்தப் பத்தியில் மலையாளம் என்று பதிந்ததாலும் இருக்கலாம். நர்சாக வேலை பார்க்கும் மகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லைதான். ஆனால் பிரசவ வலியில் இருக்கும்போது, அல்லது துணைக்கு அங்கே போகும் அவள் அம்மாவுடன் டாக்டர் பேச வேண்டியிருக்கும்போது, தொலைபேசியில் மலையாள மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றால் வீண் தாமதம்.

அப்படியானால் மலையாளி என்பதைச் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல வேண்டிய இடம் வேறு. கர்ப்பத்தின் தொடக்கத்தில், முடிந்தால் 10 வாரத்துக்குள், அங்கே சிக்கிள் செல், தலசீமியா என்ற இரண்டு பரம்பரை ரத்தக் குறைபாடுகளுக்கான பரிசோதனை உண்டு. அதனுடன் குடும்பத்தின் பூர்வீகம் பற்றிய ஒரு தனித் தாள் வரும். அந்தத் தாளில் கேட்பது இன அடையாளத்தை அல்ல, ரத்தவழியை: தாயின் குடும்பமும் குழந்தையின் தகப்பனின் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக எந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதை. தலசீமியா பரிசோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. சிக்கிள் செல் பரிசோதனை சில பகுதிகளில் எல்லோருக்கும் செய்வார்கள், மற்றப் பகுதிகளில் இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இந்தியா என்று குறித்தாலே பரிசோதனைக்கு வழி திறந்துவிடும். ஆனாலும் ஒரு வரி கூடுதலாகச் சொல்வது நல்லது. இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு பழங்குடி மக்களிடையே அதிகம் காணப்படுகிறது. 2023இல் மத்திய அரசு அதற்கென்று ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. Indian என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தத் தகவல் மறைந்துவிடும். "நான் தமிழ்நாட்டு மலைப் பழங்குடி" என்று மகள் வாயால் சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். மூன்று மாதம் என்கிறீர்கள், ரத்தம் எடுத்திருப்பார்கள். சிக்கிள் செல்லும் அதில் சேர்ந்ததா, முடிவு என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். தாய்க்கு அந்த மரபணு இருப்பதாகத் தெரிந்தால் உடனே தகப்பனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதனால் மருமகனின் பூர்வீகத்தையும் அந்தத் தாளில் விட்டுவிடக்கூடாது.

இன்னொன்று, 24இலிருந்து 28 வாரத்துக்குள் வரும் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. நம் தெற்காசிய வம்சத்தவருக்கு சர்க்கரை நோய் கூடுதலாக வருவதால், இனத்தைப் பார்த்தே அந்தப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். இனப் பத்தி வெறுமையாகவோ Z என்றோ இருந்தால் இது விட்டுப்போக இடமுண்டு. சிலர் "எதற்கு வம்பு" என்று சொல்ல விருப்பமில்லை என்ற கட்டத்தைக் குறிக்கிறார்கள். வேலை விண்ணப்பத்தில் அப்படிச் செய்வதில் நட்டமில்லை. அங்கே அந்தத் தாளைத் தனியே பிரித்து எடுத்துப் பாரபட்சம் நடக்கிறதா என்ற கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். மருத்துவப் பதிவில் அப்படிக் குறிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மருமகன் விஷயத்தில்தான் கட்டத்தின் ஓட்டை நன்றாகத் தெரிகிறது. இலங்கைக்குத் தனிக் கட்டம் இல்லாததால் அவருக்கு L சரியான பதிவுதான், பிழை யார்மேலும் இல்லை. அவருக்கு வயது 41. இங்கிலாந்தில் 40இலிருந்து 74 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது உடல்நலப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அதில் அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று QRISK3 என்ற கணக்கால் கணிப்பார்கள். வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் இவற்றோடு இனமும் அதில் ஒரு கூறு. இனப் பட்டியலில் Indian, Pakistani, Bangladeshi, Other Asian எல்லாம் தனித்தனியே இருக்கின்றன.

இதில் ஆண்களுக்கு, வெள்ளையரை ஒன்று என்று வைத்தால், Indian என்ற பிரிவுக்குக் கணக்கு சுமார் 1.32 மடங்கு கூட்டுகிறது. Other Asian என்ற பிரிவுக்கு சுமார் 1.04 மடங்குதான். காரணம் எளிது. அந்தப் பிரிவில் இலங்கைத் தமிழரோடு பிலிப்பைன்ஸ்காரர், ஜப்பானியர் என்று உடல்வாகும் உணவும் வேறான பலரும் கலந்திருக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி தாழ்ந்துபோகிறது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்துத் தமிழர் ஒருவர், யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர். வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றுபோல. சேலத்துக்காரருக்கு 10 சதவீதம் என்று வந்தால், யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஏறத்தாழ 8 சதவீதம்தான் வரும். அங்கே 10 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேசுவார்கள். சேலத்துக்காரரிடம் பேசுவார்கள், மற்றவரை அடுத்த ஐந்தாண்டுக்குப் பிறகு வரச் சொல்வார்கள். பாக் நீரிணையின் இரு கரையிலும் இருப்பவர்களின் ரத்தக்குழாய் இந்த வித்தியாசத்தை அறியாது.

இதற்காக அவர் Indian என்று மாற்றிக் குறிக்க வேண்டியதில்லை. தன்னை இலங்கைத் தமிழர் என்று சொல்வது அவர் உரிமை, அதை ஒரு கணக்குக்காக விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் போதும்: "எனக்கு L என்று பதிந்திருக்கிறது, ஆனால் நான் தெற்காசியன், யாழ்ப்பாணத் தமிழன்" என்று. தகப்பன், தாய், அண்ணன் யாருக்காவது 60 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வியும் அதே கணக்கில் இருக்கிறது. வந்த எண் ஒரு மதிப்பீடுதான், கூட்டிக் குறைத்துப் பார்த்து முடிவெடுக்க மருத்துவருக்கு இடமுண்டு. உடல் எடை அளவில் இந்தச் சிக்கல் இல்லை. தெற்காசியருக்கும் பிற ஆசியருக்கும் ஒன்றுபோல, பி.எம்.ஐ. 23 என்றாலே அதிக எடை, 27.5 என்றால் உடல்பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி குழந்தை. பிறந்தவுடன் ஆஸ்பத்திரி அனுப்பும் பிறப்பு அறிவிப்பில் குழந்தையின் இனக் குறியீடு இருக்கும், தாயிடம் கேட்டுத்தான் போடுவார்கள். கலப்பினம் என்று சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தலைப்பு எதற்கு வந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. 2001இல் அது சேர்க்கப்பட்டபோது மனதில் இருந்தது வெள்ளையரும் கறுப்பரும், வெள்ளையரும் ஆசியரும் பெற்ற பிள்ளைகள். அதன் கட்டங்களைப் பார்த்தாலே தெரியும். உங்கள் பேரப்பிள்ளையின் தாயும் தகப்பனும் இருவரும் ஆசியர் என்ற ஒரே தலைப்பின் கீழ் இருப்பவர்கள். கலப்பினத்தில் Any other mixed background என்று குறித்தால், தெற்காசியர் என்ற தகவலே பதிவிலிருந்து மறைந்துபோகும். மேலே சொன்ன சர்க்கரை, இருதயக் கணக்குகளுக்கெல்லாம் அது நட்டம். நான் பரிந்துரைப்பது இரண்டில் ஒன்று. தாயின் வழியில் Indian, அல்லது Any other Asian background என்று குறித்துப் பக்கத்தில் Tamil என்று எழுதுவது. பெற்றோர் இருவருக்கும் மனநிறைவு தருவது இரண்டாவதாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு சங்கடம் மட்டும் அதில் உண்டு. பிள்ளை வளர்ந்து பெரிய ஆளாகி QRISK3 கணக்குக்குப் போகும்போது தகப்பனின் அதே ஓட்டையில் விழும். அது நாற்பது ஆண்டு தள்ளி. அதற்குள் கணக்கும் மாறும், கட்டமும் மாறும். இரண்டு கட்டத்திலும் ஒருசேர டிக் செய்வதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு குறியீடுதான் பதிய முடியும், எது பதிவாகும் என்பது பதிபவர் கையில் போய்விடும்.

பள்ளியில் நிலைமை சற்று நல்லது. இங்கிலாந்துப் பள்ளிப் பதிவில் இனக் குறியீடுகளின் சுருக்கப் பட்டியலும் விரிவான பட்டியலும் உண்டு. எதைப் பயன்படுத்துவது என்பது அந்தந்த உள்ளாட்சியின் விருப்பம். சுருக்கப் பட்டியல் என்றால் AIND என்ற இந்தியக் குறியீடும் AOTH என்ற பிற ஆசியக் குறியீடும்தான் இருக்கும். விரிவான பட்டியலில் ASLT என்று ஒன்று இருக்கிறது. அதன் பொருள் இலங்கைத் தமிழர். தமிழர் என்ற சொல் அந்நாட்டு அரசின் இனக் குறியீட்டில் நேரடியாக இடம்பெறும் இடம் அது. இந்தியத் தமிழருக்கு அப்படி ஒன்று இல்லை என்பதையும் கவனியுங்கள். பிள்ளைக்கு ASLTயும் பொருந்தும், AINDயும் பொருந்தும். பெற்றோர் சொல்வதே பதிய வேண்டும், பிள்ளையின் பெயரையோ முகத்தையோ பார்த்துப் பள்ளி தானாக எதையும் போடக்கூடாது என்பது விதி.

ஆனால் பள்ளிப் படிவத்தில் இனத்தைவிட மொழிப் பத்தி பெரிது. பெற்றோர் பலர் தவறுவதும் அங்கேதான். "பிள்ளை நன்றாக இங்கிலீஷ் பேசுகிறான், தமிழ் என்று போட்டால் பின்னால் உட்காரவைத்துவிடுவார்கள்" என்று பயந்து ஆங்கிலம் என்று குறித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வி பிள்ளை எந்த மொழியை நன்றாகப் பேசுகிறது என்று கேட்கவில்லை. சிறு குழந்தையாக முதலில் எந்த மொழியைக் கேட்டு வளர்ந்தது, இன்றும் வீட்டில் அது புழங்குகிறதா என்பதே கேள்வி. உங்கள் மகளும் மருமகனும் வீட்டில் தமிழ் பேசினால் விடை தமிழ்தான், பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். அப்படிக் குறித்த பிள்ளைகளுக்காக, பள்ளியில் சேர்ந்த பிறகு மூன்று ஆண்டு வரை கூடுதல் நிதி கணக்கிடும் ஏற்பாடு அங்கே உண்டு. நாகலூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வேறுபட்டு ஒலித்தாலும் அந்தப் பத்தியில் ஒரே பெயர்தான். இனக் கட்டம் பிரித்துவைத்த தாயையும் தகப்பனையும் மொழிப் பத்தி ஒன்றாக உட்காரவைக்கிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கு அங்கே 2031இல் வர வேண்டும். அது மட்டும் சட்டப்படி கட்டாயம், மதம் போன்ற சில விருப்பக் கேள்விகளைத் தவிர மற்றவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றி இப்போது கவலைப்படத் தேவையில்லை.

மகளின் அடுத்த சந்திப்புக்கு முன் ஒரே ஒரு வேலை. குறிப்பு எழுதும் பத்தியில் மிட்வைஃப் தட்டச்சு செய்ய வசதியாக இந்த வரியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்படியே காட்டினால் போதும்:

```
Ethnic category: Indian (H). Language: Tamil.
Malayali tribal community, Salem district,
Tamil Nadu - not Kerala, not Malayalam.
Baby's father: Sri Lankan Tamil.
```

எழுதியதும் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, மொழி என்ற பத்தியில் Tamil என்று வந்திருக்கிறதா என்று மகள் தன் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வரட்டும்.